மெயில் பெட்டியில் திடீர் வெள்ளம்: ஆயிரம் சப்ஸ்கிரிப்ஷன் மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஒரு மெயில்

காலையில் போனை எடுத்தால் மெயில் சின்னத்தின் மேல் ஆயிரத்துச் சொச்சம் என்று எண் நிற்கிறது. திறந்தால் போலந்து சமையல் தளம், ஜெர்மன் சைக்கிள் கடை, பிரேசில் தேவாலயம், எங்கோ ஒரு நாய் வளர்ப்புச் சங்கம். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: எங்கள் செய்திமடலில் சேர்ந்ததற்கு நன்றி, உறுதிசெய்ய இந்தப் பட்டனை அழுத்துங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் பத்து வந்து விழுகிறது.

கம்பத்தில் என் சர்வீஸ் கடைக்கு இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் "போன்ல வைரஸ் ஏறிருச்சுண்ணே, ஃபார்மட் போட்டுக் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வைரஸ் இல்லை. ஃபார்மட் போட்டாலும் நிற்காது; மெயில் வந்து சேர்வது கூகுள் சர்வரில், போனில் இல்லை. இன்னொரு பக்கம், "விளம்பர மெயில்தானே, அழித்துவிட்டால் போச்சு" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. திருவிழா நெரிசலில் பர்ஸ் அடிப்பவன் கூட்டத்தை எதற்குப் பயன்படுத்துகிறானோ, அதற்குத்தான் இந்த மெயில் கூட்டமும். யாரோ உங்கள் பெயரில் ஒன்றை வாங்கியிருக்கலாம், அல்லது ஒரு கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். அதைச் சொல்லும் ஒரே ஒரு மெயில் உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதே அவன் திட்டம்.

நடப்பது இதுதான். உலகத்தில் லட்சக்கணக்கான தளங்களில் "உங்கள் மெயில் முகவரியைக் கொடுங்கள்" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பலவற்றில் மனிதன்தான் நிரப்புகிறான் என்று சோதிக்கும் கேப்சா கிடையாது. ஒரு சிறிய நிரல் அந்தப் பெட்டிகளில் எல்லாம் உங்கள் முகவரியைப் போட்டுக்கொண்டே போகும். அந்தந்தத் தளம் நல்லபிள்ளையாக உங்களுக்கு உறுதிப்படுத்தும் மெயிலை அனுப்பும். அனுப்பியவர்கள் எல்லாரும் உண்மையான நிறுவனங்கள், மெயில்களில் அனுப்புநரை உறுதிசெய்யும் முறையான டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதனால் ஸ்பேம் வடிகட்டி இவற்றைப் பெரிதாகத் தடுக்காது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் மெயில் முகவரிகள் பலவற்றின் மேல் இப்படித் தாக்குதல் நடந்தபோதுதான் இது வெளியே பரவலாகப் பேசப்பட்டது. இன்று இதைக் காசு வாங்கிக்கொண்டு செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள், செலவும் அதிகமில்லை.

அறிகுறி: மெயில்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன, வேறு எதுவும் தெரியவில்லை

முதலில் செய்யக்கூடாதவை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள். நமக்கு வேண்டிய சாட்சி அந்தக் குவியலுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக "அன்சப்ஸ்கிரைப்" அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் நூறு அழுத்துவதற்குள் திருடன் வேலையை முடித்துவிடுவான். அதோடு, இவ்வளவு மெயில்களுக்கு நடுவே ஒன்றிரண்டு போலி லிங்க் கலந்திருந்தால் தெரியவும் தெரியாது. உறுதிசெய்யும் பட்டனை அழுத்தவே வேண்டாம். ஒழுங்கான தளங்கள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் மேற்கொண்டு மெயில் அனுப்பாது.

இது சாதாரண ஸ்பேமா, இந்தத் தாக்குதலா என்று பிரிப்பது சுலபம். ஸ்பேம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், எதையாவது விற்கப் பார்க்கும். இது ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் தொடங்கும், ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் வரும், பல மொழிகளில் வரும், யாரும் எதையும் விற்கமாட்டார்கள். "வணக்கம்" என்பதற்குப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை இருந்தால் சந்தேகமே வேண்டாம், நிரல் நிரப்பியதுதான்.

அது தொடங்கிய நிமிடத்தைக் கண்டுபிடியுங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஜிமெயிலை பிரவுசரில் திறந்தால் மேலே வலப்பக்கம் மொத்த எண்ணிக்கை தெரியும். அதைத் தொட்டால் `Oldest` என்ற தேர்வு வரும். இன்பாக்ஸ் முழுவதற்கும் அதைச் செய்தால் பத்து வருடத்துக்கு முந்தைய மெயிலில் போய் நிற்பீர்கள். முதலில் தேடல் பெட்டியில் இதைப் போட்டு, பிறகு `Oldest` அழுத்துங்கள்:

```
in:anywhere newer_than:2d
```

`in:anywhere` என்பது ஸ்பேமையும் குப்பைத்தொட்டியையும் சேர்த்துத் தேடும். அதை விட்டுவிட்டுத் தேடுவதால்தான் பலருக்கு விஷயம் அகப்படுவதில்லை. இப்போது பழையதிலிருந்து புதியதை நோக்கி வாருங்கள். முதல் செய்திமடல் மெயில் எந்த நிமிடத்தில் வந்தது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரம் பின்னால் வரை ஒவ்வொரு தலைப்பையும் கண்ணால் படியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தேடல் சொல் தவறவிடுவதைக் கண் பிடித்துவிடும்.

பிறகு சொல் வைத்துத் தேடலாம்:

```
in:anywhere newer_than:2d {order invoice shipped payment gift password "new device"}
```

வளைந்த அடைப்புக்குள் போட்டால் இவற்றில் எது இருந்தாலும் வரும். `confirm` என்ற சொல் உள்ளதையெல்லாம் விலக்கினால் குவியல் குறையுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஆர்டர் உறுதியானது என்று சொல்லும் மெயிலிலும் அதே சொல்தான் இருக்கும்; தேடியதும் சேர்ந்து மறைந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் பணம் புழங்கும் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். வங்கி, கிரெடிட் கார்டு, ஆன்லைன் கடை, ரயில் டிக்கெட், பங்குச் சந்தை, மொபைல் கம்பெனி. மறந்துபோன பழைய கணக்குகளையும் விடாதீர்கள்.

அறிகுறி: குவியலுக்குள் நீங்கள் செய்யாத ஆர்டர் ஒன்று அகப்பட்டது

குமுளியில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காய், மிளகு விற்கும் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீடு கூடலூரில், கடை மலைக்கு மேலே. விடியற்காலை கடை திறக்கக் கிளம்பும்போது மெயிலைப் பார்த்திருக்கிறார். ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அவர் தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து வேக வேகமாக அழித்துக்கொண்டிருந்தான். "மாப்ள, கையை எடு, அப்படியே கொண்டு வாங்க" என்று போனில் சொல்லி வரவழைத்தேன். அழித்தவை எல்லாம் குப்பைத்தொட்டியில் இருந்ததால் நஷ்டமில்லை.

`Oldest` போட்டு வரிசைப்படுத்திப் பார்த்ததும் கதை நேர்கோட்டில் தெரிந்தது. இரவு 2.36-க்கு அவர் பயன்படுத்தும் ஓர் ஆன்லைன் கடையிலிருந்து, புதிய கருவி ஒன்றில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டது என்று மெயில். 2.41-க்கு முதல் செய்திமடல். அதிலிருந்து நிமிடத்துக்கு இருபது, முப்பது. 2.52-க்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவில், 21,999 ரூபாய்க்கு ஒரு மொபைல் போன் ஆர்டர் உறுதியானது என்று ஒரு மெயில். பெறுபவர் பெயர் இவருடையதேதான். முகவரி வேறொரு ஊர், போன் எண்ணும் வேறு.

"ஓடிபி எதுவும் நான் யாருக்கும் சொல்லலையே" என்றார். சொல்லியிருக்க மாட்டார். கடைக்குப் பாக்கெட் கவர், தராசு, லேபிள் எல்லாம் ஆன்லைனில் வாங்குகிறவர் அவர். தள்ளுபடியில் கிடைக்கும்போது கிஃப்ட் கார்டுகளை வாங்கி அந்தக் கடைக் கணக்கில் ஏற்றி வைத்திருந்தார். இருப்பு 22,400 ரூபாய். நம் ஊரில் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டுக்கு ஓடிபி கேட்பார்கள். கிஃப்ட் கார்டு இருப்பைச் செலவழிக்க அந்த இரண்டாம் சோதனை கட்டாயமில்லை. கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருந்தால் போதும். அந்தப் பாஸ்வேர்டை அவர் பல வருடமாக நாலைந்து தளங்களில் ஒன்றாகவே வைத்திருந்தார். ஏதோ ஒரு பழைய தளத்தின் தகவல் கசிந்தால், அந்த மெயில்-பாஸ்வேர்டு ஜோடியை மற்ற எல்லாக் கடைகளிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களுக்கு வழக்கமான வேலை. `haveibeenpwned.com` தளத்தில் முகவரியைப் போட்டால், அது எந்தெந்தக் கசிவுகளில் இருக்கிறது என்று சொல்லும். இவருடையது இரண்டில் இருந்தது.

எஸ்எம்எஸ் வரவில்லையா என்றால், அதுவும் வந்திருந்தது. ஆனால் அதே நேரத்தில் யார் யாரோ கம்பெனிகளிடமிருந்து ஓடிபி மெசேஜ்கள் ஐம்பதுக்கு மேல். மெயில் வெள்ளத்தோடு எஸ்எம்எஸ் வெள்ளத்தையும் திறந்துவிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. போன் எண்ணைப் போட்டால் ஓடிபி அனுப்பும் பெட்டிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமா என்ன?

இங்கே எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆர்டர் இன்னும் அனுப்பப்படவில்லை. கேன்சல் பட்டன் கண்ணெதிரே இருக்கிறது. கை தானாக அங்கேதான் போகும். ஆனால் கேன்சல் செய்தால் பணம் எங்கே திரும்பும்? அதே கணக்கின் கிஃப்ட் கார்டு இருப்புக்கு. திருடன் இன்னும் உள்ளே இருந்தால் அடுத்த நிமிடமே வேறொன்றை வாங்குவான், இந்த முறை மெயிலில் உடனே வந்துசேரும் இ-வவுச்சராக. அதைத் திரும்பப் பெறவே முடியாது.

அதனால் இப்படிச் செய்தோம். மெயிலில் உள்ள எந்த லிங்கையும் தொடாமல், கடையின் முகவரியைக் கையால் அடித்து உள்ளே போனோம். பாஸ்வேர்டை மாற்றினோம்; வேறெங்கும் பயன்படுத்தாத புதியது. மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தேர்வை அழுத்தினோம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். கணக்கில் உள்ள மெயிலும் மொபைல் எண்ணும் இன்னும் அவருடையவைதானா என்று பார்த்தோம், மாறவில்லை. அதற்குப் பிறகுதான் கேன்சல். பணம் கணக்குக்குத் திரும்பியது. திருடன் சேர்த்திருந்த முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நீக்கினோம். அடுத்து கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு, அவர்களுடைய ஆப்பின் வழியாகவே, இது நான் போட்ட ஆர்டர் அல்ல என்று எழுத்தில் தெரிவித்தோம். தேடல் எந்திரத்தில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று அடித்து வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அந்தக் குழியில் இன்னொரு திருடன் உட்கார்ந்திருப்பான்.

சில கடைகளில் ஆர்டரை வழக்கமான பட்டியலில் தெரியாமல் ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. ஆர்டர் மெயில் இருக்கிறது, ஆனால் கணக்கில் போய்ப் பார்த்தால் ஆர்டரே காணவில்லை என்றால், ஆர்கைவ் செய்யப்பட்டவை, கேன்சல் ஆனவை, டிஜிட்டல் ஆர்டர்கள் என்று ஒவ்வொரு பட்டியலையும் திறந்து பாருங்கள். "லிஸ்ட்ல இல்ல, அப்ப போலி மெயில்தான்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

போனது கிஃப்ட் கார்டு இருப்பு அல்ல, வங்கிப் பணம் அல்லது கார்டுப் பணம் என்றால் வேகம் வேறு மாதிரி வேண்டும். வங்கி ஆப்பில் கார்டை உடனே பிளாக் செய்யுங்கள், வங்கியிடம் புகார் எண் வாங்குங்கள், 1930-ஐக் கூப்பிடுங்கள், `cybercrime.gov.in`-இல் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சிலவற்றில் இந்தியக் கார்டிலிருந்து ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும். தேவையில்லாவிட்டால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பிலேயே மூடிவையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல என்றால், வங்கியின் அறிவிப்பு கிடைத்து 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்கவேண்டும். அறிவிப்பு கிடைத்து என்ற இடத்தைக் கவனியுங்கள். அந்த அறிவிப்பைத்தான் இந்த வெள்ளம் புதைக்கிறது. நீங்கள் பார்க்காவிட்டாலும் நாள் ஓடும்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு சொல். வீடு தேனி மாவட்டம், கடை இடுக்கி மாவட்டம் என்றால் ஸ்டேஷனில் "அது அந்தப் பக்கத்துக் கேஸ்" என்று கைகாட்டுவது உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. அந்த எண்ணைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: ஆர்டர் மெயில் எதுவுமே இல்லை, ஆனால் பணம் போயிருக்கிறது

இது முந்தையதைவிட மோசமான நிலை. மெயில் வந்திருக்கிறது, உங்களுக்கு முன்னால் யாரோ எடுத்துவிட்டார்கள். அதாவது திருடன் மெயில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறான்.

ஜிமெயிலில் இதை போன் ஆப்பில் பார்க்க முடியாது; கம்ப்யூட்டரில் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி, முழு அமைப்புகளுக்குள் போங்கள். `Filters and Blocked Addresses` பக்கத்தில் நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா? வங்கியின் பெயர் உள்ள மெயிலை உடனே அழி, அல்லது படித்ததாகக் குறித்து ஆர்கைவ் செய் என்ற மாதிரி இருந்தால் அது திருடனின் கைவேலை. `Forwarding and POP/IMAP` பக்கத்தில் தெரியாத முகவரிக்கு மெயில் திருப்பிவிடப்படுகிறதா என்று பாருங்கள். `Accounts and Import` பக்கத்தில் உங்கள் பெட்டியைத் திறக்க வேறு யாருக்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினால் திருடன் வெளியே போவான். அவன் போட்ட விதியோ திருப்பிவிடுதலோ போகாது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவரின் வங்கி மெயில் பின்பும் மாதக்கணக்கில் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கண்டதை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிறகு நீக்குங்கள்.

இன்பாக்ஸின் அடியில் வலது மூலையில் `Details` என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை அழுத்தினால் சமீபத்தில் எங்கிருந்தெல்லாம் பெட்டி திறக்கப்பட்டது என்று தெரியும். இங்கே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். கம்பத்தில் உட்கார்ந்து திறந்தாலும், மொபைல் கம்பெனியின் இணைப்பு எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊர் காட்டலாம். சென்னையோ கொச்சியோ இருந்தால் அது நீங்களாகவே இருக்கலாம். நேரத்தையும் கருவியையும் பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், உங்களிடம் இல்லாத கருவி என்றால் வெளியேற்றுங்கள். மீட்பு மெயிலும் மீட்பு போன் எண்ணும் உங்களுடையவைதானா என்று கூகுள் கணக்கின் `Security` பக்கத்தில் உறுதிசெய்யுங்கள்.

குப்பைத்தொட்டியில் போட்ட மெயில் 30 நாள் வரை இருக்கும். திருடன் அதையும் காலி செய்திருந்தால் மெயிலை நம்பிப் பயனில்லை. வங்கி, கடை, கார்டு ஒவ்வொன்றிலும் நேரே உள்ளே போய் பரிவர்த்தனைப் பட்டியலைப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, இது அவ்வளவு பயங்கரமில்லை. ஒரே பெட்டிக்கு அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் மெயில் வந்தால் கூகுள் புதிய மெயில்களைத் தற்காலிகமாக ஏற்காமல் திருப்பிவிடும். அனுப்பியவர் பிறகு மறுபடி முயல்வார். உங்கள் வங்கி மெயிலும் அந்தக் கதவடைப்பில் மாட்டி, மணிக்கணக்கில் தாமதமாக வரலாம். அதனால் காலையில் தேடியதை மதியம் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை திரும்பத் தேடுங்கள்.

அறிகுறி: வெள்ளத்தோடு போனில் சிக்னலும் போய்விட்டது

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிறவர்களுக்குச் சிக்னல் போவது அதிசயமே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அறுந்துபோகும், மேலே போனதும் கேரள டவரைப் பிடிக்கும். அதனாலேயே நம்மூர்க்காரர்கள் ஆபத்தான சிக்னல் இழப்பையும் "மலைல இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவன் புது சிம் வாங்கிவிட்டால், உங்கள் கையில் உள்ள சிம் செத்துப்போகும். வங்கி ஓடிபி அவனுக்குப் போகும்.

பிரித்தறிய ஒரு வழி. சமவெளியிலோ ஊருக்குள்ளோ வந்து, அதே கம்பெனி சிம் உள்ள பக்கத்து ஆள் போனைப் பாருங்கள். அவருக்குச் சிக்னல் இருந்து, ஏரோபிளேன் மோடுக்குப் போட்டு எடுத்தும் உங்களுக்கு இல்லையென்றால் சந்தேகம். அவர் போனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிடுங்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னால் டவர் கோளாறாகவோ, சிம் கோளாறாகவோ, மாற்றிய சிம் இன்னும் உயிர்பெறாததாகவோ இருக்கலாம். மணி அடிக்கிறது, ஆனால் உங்கள் போன் அடிக்கவில்லை என்றால் அது வேறு யாருடைய கையிலோ அடிக்கிறது. உடனே மொபைல் கம்பெனியைக் கூப்பிட்டு எண்ணை நிறுத்துங்கள், அதற்கடுத்து வங்கி.

சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் ஓடாமல் நிறுத்திவைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. திருடன் அந்த ஒரு நாளைக் கடந்தாக வேண்டும். அந்த நாளில் சிம் மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது என்று மொபைல் கம்பெனி அனுப்பும் மெயிலை நீங்கள் பார்க்கக்கூடாது. வெள்ளத்தின் வேலை அதுதான். ஆகவே தேடும்போது கம்பெனியின் பெயரையும், `SIM`, `eSIM`, `port` ஆகிய சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெள்ளம் வந்த சிறிது நேரத்தில் "உதவி செய்கிறோம்" என்று அழைப்பு

அலுவலக மெயில் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். "உங்கள் மெயில் பெட்டிக்கு ஸ்பேம் வருகிறதல்லவா, நாங்கள் ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், சரிசெய்து தருகிறோம்" என்று போனிலோ டீம்ஸிலோ ஒருவர் வருவார். வெள்ளத்தைத் திறந்துவிட்டவரே அவர்தான். திரையைப் பகிரச் சொல்வார். விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் அல்லது எனிடெஸ்க் போன்ற ஒன்றைத் திறக்கச் சொல்வார். திறந்தால் கம்ப்யூட்டர் அவருடையது. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் இதே முறையைப் பற்றி எச்சரித்தது; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிளாக் பாஸ்தா என்ற ரான்சம்வேர் இப்படி நுழைந்துகொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் உங்கள் ஆளை நீங்களே கூப்பிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் நடக்கவில்லை, மெயில் மட்டும் வருகிறது

பணம் போகவில்லை, விதி எதுவும் இல்லை, சிம் உயிரோடு இருக்கிறது என்றால், யாரோ வன்மத்தில் செய்திருக்கலாம், அல்லது திருடன் முயன்று தோற்றிருக்கலாம். ஆனாலும் சில நாள் வங்கிப் பட்டியலைத் தினமும் பாருங்கள்.

வெள்ளம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே வடியும். அதுவரை மூச்சுவிட ஒரு ஃபில்டர் போடலாம். `unsubscribe` என்ற சொல் உள்ள மெயில்களை இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்கு அனுப்புங்கள். அழிக்கும்படி போடாதீர்கள், கடை அனுப்பும் நியாயமான ஆர்டர் மெயில்களிலும் அடியில் அந்தச் சொல் இருக்கலாம், அப்படிச் செய்தால் திருடன் செய்யவேண்டிய வேலையை நீங்களே செய்துகொடுத்த மாதிரி. லேபிளை மாலையில் ஒருமுறை திறந்து தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வடிந்ததும் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். மிச்சம் சில தளங்கள் உறுதி கேட்காமலே உங்களைச் சேர்த்திருக்கும். அவை வாரம் ஒன்று அனுப்பும்போது அனுப்புநரைப் பிளாக் செய்தால் போதும்.

மெயில் முகவரியையே மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி, ஆதார், ஜிஎஸ்டி, ஸ்பைசஸ் போர்டு உரிமம் வரை அந்த முகவரியில் கட்டியிருக்கும்போது அவசரத்தில் மாற்றுவது கூடுதல் சிக்கல். அதிலும் பழைய முகவரியைக் கவனிக்காமல் விட்டால் அங்கே நடப்பது யாருக்கும் தெரியாது.

தேக்கடிப் பக்கம் ஹோம்ஸ்டே வைத்து, சொந்த வெப்சைட்டில் "சலுகைகள் பெற மெயிலைப் பதியுங்கள்" என்று பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கேப்சா இல்லாமல் அந்தப் பெட்டி திறந்து கிடந்தால், ஏதோ ஒரு நாட்டில் யாருடைய பெட்டியையோ மூழ்கடிக்கும் வெள்ளத்தில் உங்கள் ஹோம்ஸ்டேயின் மெயிலும் போய்க்கொண்டிருக்கலாம். பதிவுப் பட்டியலில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான வெளிநாட்டு முகவரிகள் சேர்ந்து, ஒன்றுகூட உறுதிசெய்யப்படாமல் கிடந்தால் அதுதான் அறிகுறி. கேப்சா போடுங்கள், அந்த முகவரிகளுக்கு மேற்கொண்டு எதுவும் அனுப்பாமல் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.